மே ஆறா, ஜூன் ஐந்தா? முன்பதிவுத் தேதிகளும் மொழிபெயர்ப்பாளரின் பொறுப்பும்

ஒரு விடுதியின் முன்பதிவுக் கடிதத்தில் வருகை நாள் 05/06/2026 என்று இருக்கிறது. சென்னையில் அதைப் படிப்பவருக்கு அது ஜூன் 5, வெள்ளிக்கிழமை. சிகாகோவில் அதை அனுப்பியவருக்கு அது மே 6, புதன்கிழமை. இடையில் முப்பது நாள். இரண்டுமே நாட்காட்டியில் இருக்கிற தேதிகள் என்பதால் எந்த இயந்திரமும் தடுப்பதில்லை, எந்த எழுத்தரும் புருவம் உயர்த்துவதில்லை. மே 6 இரவு அறை காலியாகக் கிடக்கும். விருந்தினர் வரவில்லை என்று விடுதி குறித்துக்கொள்ளும். பெரும்பாலான விடுதிகள் முதல் இரவின் வாடகையை எடுத்துக்கொண்டு மீதி இரவுகளை ரத்து செய்துவிடும். ஜூன் 5 அன்று பெட்டிகளோடு வந்து நிற்கிற குடும்பத்தின் கையில் இருக்கும் தாளிலும் பிழை ஏதும் இல்லை. பிழை நடந்த இடம் படிப்பில். பல சமயம் மொழிபெயர்ப்பில்.

அமெரிக்காவில் மாதம் முதலில் வரும். இந்தியா, பிரிட்டன், ஆஸ்திரேலியா, ஐரோப்பாவின் பெரும்பகுதி, தென் அமெரிக்கா ஆகிய இடங்களில் நாள் முதலில் வரும். சீனா, ஜப்பான், கொரியா, ஹங்கேரி ஆகிய நாடுகளில் ஆண்டு முதலிலும் பிறகு மாதமும் நாளும் வரும். ஆண்டு முதலில் நான்கு இலக்கமாக வந்துவிட்டால் குழப்பம் இல்லை; ஆண்டு, நாள், மாதம் என்று எழுதும் பழக்கம் நடைமுறையில் கிட்டத்தட்ட எங்கும் கிடையாது. 1988-இல் வெளியான ஐஎஸ்ஓ 8601 என்ற பன்னாட்டுத் தரமும் 2026-06-05 என்ற இந்த வரிசையையே எடுத்துக்கொண்டது. ஆகவே மோதல் முழுவதும் அமெரிக்க வரிசைக்கும் நம்மைப் போன்றவர்களின் வரிசைக்கும் இடையில்தான்.

இந்த மோதல் எத்தனை நாட்களைத் தொடுகிறது என்று கணக்கிட்டால் இதன் இயல்பு தெளிவாகிறது. மாதத்தின் 13ஆம் தேதி முதல் கடைசி நாள் வரை ஐயமே இல்லை, ஏனென்றால் 13 என்று ஒரு மாதம் கிடையாது. முதல் பன்னிரண்டு நாட்கள்தான் சிக்கல். பன்னிரண்டு மாதத்துக்கும் சேர்த்து 144 நாட்கள். அவற்றில் 1/1, 2/2 போன்ற பன்னிரண்டும் எப்படிப் படித்தாலும் ஒன்றே. மிஞ்சுவது 132 நாட்கள். ஆண்டில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். மற்ற 233 நாட்களில் தவறான வரிசை தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும், அல்லது தீங்கு செய்யாமல் போய்விடும். அதனால்தான் ஒரு மொழிபெயர்ப்பு மாதத்தின் பின்பாதியில் நன்றாக வேலை செய்துவிட்டு, அடுத்த மாதத்தின் முதல் வாரத்தில் ஆளைக் கவிழ்க்கிறது. சோதித்துப் பார்த்தேன், சரியாகவே வந்தது என்று ஒருவர் சொன்னால், எந்தத் தேதியை வைத்துச் சோதித்தார் என்று கேட்க வேண்டும்.

மொழிபெயர்ப்பாளர்கள் விழும் முதல் பள்ளம், மொழியை வைத்து வரிசையை முடிவு செய்வது. ஆங்கிலக் கடிதம் என்பதால் அமெரிக்க வரிசை என்றோ, ஆங்கிலம் நம் ஊரிலும் உண்டே என்று இந்திய வரிசை என்றோ எடுத்துக்கொள்ளக் கூடாது. லண்டன் ஆங்கிலம் நாளை முதலில் வைக்கும், நியூயார்க் ஆங்கிலம் மாதத்தை முதலில் வைக்கும், மணிலா ஆங்கிலமும் மாதத்தையே முதலில் வைக்கும். தமிழர்கள் நிறைந்து வாழும் டொராண்டோவில் மூன்று வரிசைகளும் புழங்குகின்றன: அமெரிக்கப் பழக்கம் ஒருபுறம், பிரிட்டிஷ், பிரெஞ்சுப் பழக்கம் ஒருபுறம், அரசு பரிந்துரைக்கும் ஆண்டு முந்திய வரிசை ஒருபுறம். கனடாவிலிருந்து வருகிற கடிதத்தில் இலக்கங்கள் மட்டும் இருந்தால், நாட்டை வைத்தும் எதையும் தீர்மானிக்க முடியாது. தேதியை அச்சிட்டது எந்த நிறுவனத்தின் எந்த மென்பொருள் என்பதுதான் கேள்வி. அதற்கான விடை பெரும்பாலும் அதே தாளிலேயே இருக்கிறது.

ஒரு எடுத்துக்காட்டை முழுமையாகப் பார்ப்போம். அமெரிக்காவில் இருக்கும் மகன், ஊரிலிருந்து வரும் பெற்றோருக்காக ஒரு விடுதியில் அறை எடுக்கிறார். வந்த உறுதிக் கடிதத்தைத் தமிழில் தர வேண்டும். அதில் நான்கு தேதிகள்: பதிவு செய்த நாள் 04/17/2026, வருகை 05/06/2026, புறப்பாடு 05/09/2026, கட்டணமின்றி ரத்து செய்யக் கடைசி நாள் 05/04/2026. கூடவே 'மூன்று இரவுகள்' என்ற வரி.

பழகிய மொழிபெயர்ப்பாளர் வருகை நாளை முதலில் தொடமாட்டார். பன்னிரண்டைத் தாண்டிய இலக்கம் எங்காவது இருக்கிறதா என்று தேடுவார். பதிவு நாளில் 17 இருக்கிறது. அது மாதமாக இருக்க முடியாது. ஆகவே 04 தான் மாதம், அந்த வரியை அச்சிட்ட மென்பொருள் மாதத்தை முதலில் வைக்கிறது. கடிதத்தின் மற்ற வரிகளும் அதே மென்பொருளிலிருந்து வந்தவை என்றால், வருகை மே 6. இங்கே 'என்றால்' என்ற சொல்லுக்குக் கனம் உண்டு. ஒரு முகவர் தன் குறிப்பை மேலே சேர்த்து அனுப்பியிருந்தால், அவர் எழுதிய தேதி ஒரு வரிசையிலும் கீழே உள்ள விடுதியின் தேதி வேறு வரிசையிலும் இருக்கலாம். எந்தத் தேதி யார் கையிலிருந்து வந்தது என்று பிரித்துப் பார்த்த பிறகே ஒன்றை மற்றொன்றுக்குச் சாட்சியாக்க வேண்டும்.

அடுத்தது இரவுக் கணக்கு. மாதம் முந்திய வரிசையில் மே 6 முதல் மே 9 வரை மூன்று இரவுகள். கடிதமும் மூன்று என்கிறது. நாள் முந்திய வரிசையில் படித்தால் ஜூன் 5 முதல் செப்டம்பர் 5 வரை, 92 இரவுகள். இந்தப் பொருத்தம் ஒன்றே போதும். என் பார்வையில் இரவுக் கணக்குதான் எல்லாச் சாட்சிகளிலும் வலுவானது, ஏனென்றால் அதைத் தனியே மாற்றிப் படிக்க வழியில்லை. ரத்து செய்யும் கடைசி நாளும் துணைக்கு வருகிறது. அது பதிவு நாளுக்குப் பின்னும் வருகை நாளுக்கு முன்னும் இருக்க வேண்டும். மே 4 என்று படித்தால் அப்படியே இருக்கிறது. ஏப்ரல் 5 என்று படித்தால் அறை பதிவாவதற்கு முன்பே ரத்து செய்யும் காலம் முடிந்துவிடுகிறது.

தேதி ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது என்றால் வேலை கடினமாகிறது. விமான நிலையத்திலிருந்து அழைத்துப் போகும் வண்டிக்கான சீட்டு அப்படிப்பட்டது: 05/06/2026, பிற்பகல் 2 மணி, அவ்வளவுதான். புறப்பாடு இல்லை, இரவுக் கணக்கு இல்லை. அப்போது சீட்டு வந்த மின்னஞ்சலின் தலைப்பைப் பார்க்கலாம். மின்னஞ்சலின் உள்தலைப்பில் அனுப்பிய நாள் எப்போதும் மாதத்தை எழுத்தில் வைத்தே பதியும், `Fri, 17 Apr 2026` என்பது போல. அது சீட்டுத் தேதியின் வரிசையைச் சொல்லாது. ஆனால் படிக்கும் இரண்டு தேதிகளில் ஒன்று அனுப்பிய நாளுக்கு முன்பே கடந்துபோயிருந்தால் அதை விலக்கிவிடலாம். இரண்டுமே பின்னால் வருகின்றன என்றால், விடுதிக் கடிதத்தோடும் விமானச் சீட்டோடும் ஒப்பிட வேண்டும்.

கிழமை எழுதியிருந்தால் கவலை தீர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் சரிதான், எப்போதும் அல்ல. நாளும் மாதமும் இடம் மாறக்கூடிய தேதிகளை இணை இணையாகச் சேர்த்தால் 66 இணைகள். அவற்றில் 60 இணைகளில் கிழமை வேறுபடும், ஆறில் வேறுபடாது. மே 9-க்கும் செப்டம்பர் 5-க்கும் இடையே சரியாக 119 நாள், அதாவது பதினேழு வாரம். ஆகவே எந்த ஆண்டிலும் இரண்டும் ஒரே கிழமை. ஜூலை 11-உம் நவம்பர் 7-உம் அப்படியே, மார்ச் 12-உம் டிசம்பர் 3-உம் அப்படியே. இந்த மூன்று இணைகளுக்கு லீப் ஆண்டு என்ற விலக்கும் இல்லை. சாதாரண ஆண்டுகளில் இவற்றோடு பிப்ரவரி 8, ஆகஸ்ட் 2 இணையும், ஜனவரி 7, ஜூலை 1 இணையும், ஜனவரி 11, நவம்பர் 1 இணையும் சேரும். 2026-இல் பிப்ரவரி 8-உம் ஞாயிறு, ஆகஸ்ட் 2-உம் ஞாயிறு. 'ஞாயிறு, 02/08/2026' என்று ஒரு சீட்டு வந்தால் கிழமை எதையும் நிரூபிக்காது. தேதிகளோடு நாள் முழுதும் வேலை செய்பவர்கள் இந்தச் சிறு பட்டியலை மேசையில் ஒட்டிவைத்துக்கொள்வது நல்லது.

நம் வழக்கில் இதைவிட உறுதியான சாட்சி ஒன்று உண்டு. திருமண மண்டபச் சீட்டிலும் அழைப்பிதழிலும் ஆங்கிலத் தேதிக்கு முன்னால் தமிழ் மாதத்தை எழுதுகிறோம். வைகாசி மே மாத நடுவில் பிறந்து ஜூன் நடுவில் முடிகிறது. ஜூன் 5 வைகாசியில் விழும், மே 6 சித்திரையில் விழும். அழைப்பிதழில் வைகாசி என்று இருந்தால் 5.6.2026 என்ற எண்ணுக்கு ஒரே பொருள்தான். தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குப் பெயர்ப்பவர்கள், வெளிநாட்டு வாசகருக்குத் தேவையில்லை என்று இந்தத் தமிழ் மாதத்தை விட்டுவிடுவதைப் பார்க்கிறேன். விசா கோப்பில் வைக்கப்போகும் அழைப்பிதழில் அப்படி விடுவது, கையில் இருந்த ஒரே சாட்சியைக் கிழித்துப்போடுவது.

தேதி எது என்று தெரிந்தபின் அதை எப்படி எழுதுவது? இலக்கங்களை இடம் மாற்றி எழுதுவதுதான் முதலில் தோன்றும். மே 6 என்று கண்டுபிடித்தவர் தமிழில் 06/05/2026 என்று எழுதுகிறார். தமிழ்த் தாளை மட்டும் படிப்பவருக்கு அது சரி. ஆனால் பயணி கையில் இரண்டு தாள்களும் இருக்கும். வரவேற்பு மேசையில் ஒன்றில் 05/06, மற்றொன்றில் 06/05 என்று பார்க்கிறவர் எதை நம்புவார்? சரியாகப் பெயர்த்ததே பிழைபோலத் தோன்றுகிறது. அதைத் திருத்துவதாக நினைத்து யாராவது மறுபடி மாற்றிவிடவும் கூடும். ஆகவே நல்ல மொழிபெயர்ப்பாளர் இலக்கத்துக்கு இலக்கம் தருவதில்லை. '2026 மே 6, புதன்கிழமை, மூன்று இரவுகள்' என்று எழுதுகிறார். சான்றளித்துத் தரும் மொழிபெயர்ப்பு என்றால் மூலத்தில் உள்ள எண்ணை அப்படியே நகலெடுத்து, அதன் அருகில் மாதத்தை எழுத்தில் தருகிறார். மூலத்தில் கிழமை இல்லாதபோதும் கிழமை சேர்ப்பதை நான் ஆதரிக்கிறேன். மூலத்தில் இல்லாததைச் சேர்க்கலாமா என்று தயங்குவோர் உண்டு. பயணத் தாளில் அந்தத் தயக்கத்துக்கு இடமில்லை என்பது என் கருத்து. சேர்த்தது மொழிபெயர்ப்பாளர் என்று அடைப்புக்குறியில் காட்டிவிட்டால் போதும்.

விமானத் துறை இந்த வழியைத்தான் எடுத்தது. அங்கே முன்பதிவுத் திரையில் மே 6 என்பது `06MAY`. மாதத்துக்கு இலக்கமே கிடையாது. கடவுச்சீட்டின் கண்ணுக்குத் தெரியும் பகுதியிலும் மாதத்தை எழுத்தால் குறிக்கப் பன்னாட்டு வான்போக்குவரத்து அமைப்பின் விதி இடம் தருகிறது. ஆங்கிலமும் பிரெஞ்சும் ஒரே பொட்டலத்தில் அச்சாகும் கனடாவில், உணவுப் பொருளின் கெடுநாளுக்கு இரண்டு மொழிக்கும் பொதுவான ஈரெழுத்துக் குறிகளை வைத்திருக்கிறார்கள். `JN` ஜூன், `JL` ஜூலை, `MR` மார்ச், `MA` மே.

மாதத்தை எழுத்தில் எழுதினால் எல்லாம் முடிந்துவிடும் என்றும் இல்லை. தமிழில் ஒரே எழுத்தாகச் சுருக்கினால் ஜூனும் ஜூலையும் 'ஜூ' ஆகிவிடும். திரை சிறியது என்பதற்காக அப்படிச் சுருக்கக் கூடாது. ஐரோப்பாவில் இதைவிட ஆழமான பள்ளம் ஒன்று இருக்கிறது. போலந்து மொழியிலும் செக் மொழியிலும் லிஸ்டோபாட் என்பது நவம்பர். அதே சொல் குரோவேஷிய மொழியில் அக்டோபர். இலை உதிரும் காலம் அந்தந்த ஊரில் எப்போது என்பதைப் பொறுத்துப் பெயர் நகர்ந்திருக்கிறது. குரோவேஷியக் கடற்கரை விடுதியின் கடிதத்தைப் போலந்து மொழிக்கு மாற்றுபவர், கண்ணுக்குப் பழகிய சொல்லை அப்படியே விட்டுவிட்டால், எழுத்தில் இருந்தும் ஒரு மாதம் பிசகும்.

இதுவரை சொன்னது தாளைப் பற்றி. திரையில் நடக்கும் பிழை இதைவிட மோசமானது, ஏனென்றால் அங்கே மொழிபெயர்ப்பாளர் சரியானதைச் செய்தே பிழையை உண்டாக்குகிறார். முன்பதிவுப் பக்கத்தில் தேதியைத் தட்டச்சு செய்யும் பெட்டி இருக்கிறது. அதற்குள் மங்கலாக `MM/DD/YYYY` என்ற குறிப்பு. மொழிபெயர்ப்பாளருக்குப் பக்கம் வராது, சொற்றொடர்களின் பட்டியல்தான் வரும். அதில் இந்தக் குறிப்பும் ஒரு வரி. தமிழருக்கு நாள்தான் முதலில் என்று அறிந்து அவர் 'நாள்/மாதம்/ஆண்டு' என்று பெயர்க்கிறார். பெட்டியின் மேல் எழுதியது மாறியது. உள்ளே படிக்கும் நிரல் மாறவில்லை. விருந்தினர் ஜூன் 5 என்று மனதில் வைத்து 05/06/2026 என்று அடிக்கிறார். நிரல் மே 6 என்று வாங்கிக்கொள்கிறது. ஜூன் 25-க்குப் பதிபவருக்கு 25/06 செல்லாது என்று பிழைச் செய்தி வரும். அவர் எரிச்சலோடு தப்பித்துக்கொள்வார். மாதத்தின் முதல் பன்னிரண்டு நாட்களுக்குள் வருபவருக்கு எச்சரிக்கை எதுவும் வராது.

நிரல் உண்மையில் எப்படிப் படிக்கிறது என்பதற்கு, இணையப் பக்கங்களில் பரவலாகப் புழங்கும் மொழியிலிருந்து இரண்டு வரிகள்:

```
new Date("05/06/2026")  // மே 6
new Date("2026-06-05")  // ஜூன் 5, UTC நள்ளிரவு
```

முதல் வரி, பக்கம் எந்த மொழியில் இருந்தாலும், இன்றைய உலாவிகளில் அமெரிக்க வரிசையிலேயே படிக்கப்படுகிறது. இரண்டாவது வரியில் வரிசைக் குழப்பம் இல்லை, ஆனால் வேறொரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. அது கிரீன்விச் நள்ளிரவைக் குறிப்பதால், நியூயார்க்கில் உள்ள கணினி உள்ளூர் நேரத்தில் காட்டும்போது ஜூன் 4 மாலை என்று ஆகிவிடும். வருகை நாள் ஒரு நாள் முன்னே நகர்ந்து அச்சாகும். இதை மொழிபெயர்ப்பாளர் சரிசெய்ய முடியாது. கண்டுபிடித்துச் சொல்ல முடியும்.

ஆகவே தேர்ந்தவர்கள் அந்தக் குறிப்பு வரியைத் தனியே பெயர்ப்பதில்லை. நிரலாளருக்கு ஒரு கேள்வி அனுப்புகிறார்கள்: இந்தப் பெட்டியைப் படிக்கும் வரிசை மொழிக்கேற்ப மாறுகிறதா? மாறவில்லை என்றால், தமிழிலும் குறிப்பு 'மாதம்/நாள்/ஆண்டு' என்றே இருக்க வேண்டும். பழக்கத்துக்கு மாறானது என்றாலும் உண்மை அதுதான். நல்ல தீர்வு, தட்டச்சுப் பெட்டியை விட்டுவிட்டு நாட்காட்டியைத் திறந்து நாளைத் தொடச் செய்வது. உலாவியின் சொந்தத் தேதிப் பெட்டி அப்படி வேலை செய்கிறது: பார்ப்பவருக்கு அவருடைய வரிசையில் காட்டும், உள்ளே எப்போதும் ஆண்டு, மாதம், நாள் என்றே அனுப்பும். கடிதத்தின் டெம்ப்ளேட்டிலும் இதே நெறிதான். `%m/%d/%Y` என்று வரிசை பொறிக்கப்பட்ட வரி மொழிபெயர்ப்புக்கு வந்தால், அதைத் தொடாமல் விடுவதும் பிழை, கேட்காமல் திருப்பிப்போடுவதும் பிழை. தேதியை அந்தந்த மொழிக்கு ஏற்ப மென்பொருளே நீண்ட வடிவில் எழுதட்டும் என்று கேட்க வேண்டும்.

சோதனைக்கு இரண்டு தேதிகள் போதும். முதலில் 13-க்கு மேற்பட்ட நாளைப் பதிந்து பெட்டி ஏற்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு 05/06 போன்ற ஒன்றைப் பதிந்து, வரும் உறுதிக் கடிதத்தில் மாதப் பெயரைப் பார்க்க வேண்டும். முதல் சோதனையோடு நின்றுவிடுவது போதாது.

குழுப் பயணங்களில் இடைத்தரகராக எக்செல் வருகிறது. அமெரிக்க முகவர் அறைப் பட்டியலை அனுப்புகிறார். இந்திய அமைப்பில் உள்ள கணினியில் திறக்கிறோம். 05/06/2026 சத்தமின்றி ஜூன் 5 ஆகிவிடுகிறது. 05/13/2026 தேதியாக மாற முடியாமல் வெறும் எழுத்தாக நிற்கிறது. பார்த்தவுடன் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு: தேதியாக மாறியவை கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டியிருக்கும், மாறாதவை இடப்பக்கம். ஒரே நெடுவரிசையில் இரண்டும் கலந்து கிடந்தால் அந்தக் கோப்பைச் சேமிக்காமல் மூட வேண்டும். சேமித்துவிட்டால் பிழை நிலைத்துவிடும். பிறகு எது எது மாறியது என்று பிரிக்க முடியாது. மறுபடி இறக்கும்போது அந்த நெடுவரிசையின் தேதி வரிசை `MDY` என்று சொல்லிவிட்டால் எல்லாம் சரியாக வந்து சேரும்.

வரிசை சரியாக இருந்தும் வருகை நாள் பிசகும் இடம் ஒன்று உண்டு. சென்னையிலிருந்து பல பன்னாட்டு விமானங்கள் நள்ளிரவு கடந்து கிளம்புகின்றன. '06MAY, 01:10' என்பதை 'மே 6 இரவு 1.10' என்று தமிழில் எழுதினால், பொழுது விடிந்துதான் நாள் தொடங்கும் என்ற எண்ணத்தில் வாழும் பெரியவர்கள் மே 6 பகல் முழுதும் வீட்டில் இருந்துவிட்டு அன்றிரவு கிளம்புவார்கள். விமானம் போய் இருபத்துநான்கு மணி நேரம் ஆகியிருக்கும். 'மே 5 செவ்வாய் இரவு 10 மணிக்குள் விமான நிலையம் சேர வேண்டும். விமானம் நள்ளிரவுக்குப் பின், மே 6 புதன் அதிகாலை 1.10-க்கு' என்று எழுதுவது நீளம்தான். ஆனால் அந்த நீளத்தைக் குறைக்கும் உரிமை நமக்கு இல்லை என்றே நினைக்கிறேன்.

எல்லாச் சாட்சிகளும் கைவிடும் தாள்களும் இருக்கின்றன: ஒரே தேதி, கிழமை இல்லை, இரவுக் கணக்கு இல்லை, அனுப்பியவர் கனடா. அப்போது ஊகித்து எழுதக் கூடாது, கேட்க வேண்டும். கேட்கும் முறையிலும் கவனம் தேவை. '05/06 சரிதானா?' என்று விடுதிக்கு எழுதினால், 'சரி' என்றே பதில் வரும். அவர்கள் தங்கள் வரிசையில் படித்துச் சொன்ன 'சரி' அது. 'மே மாதம் 6ஆம் தேதி, புதன்கிழமை, ஒருவர் வருகிறார். உறுதி செய்யவும்' என்று மாதத்தை எழுத்தில் வைத்துக் கேட்டால்தான் 'இல்லை, ஜூன் 5 வெள்ளிக்கிழமை' என்று திருத்த அவர்களுக்கு வழி பிறக்கும். பதில் வரும்வரை தமிழ்த் தாளில் மூல எண்ணை அப்படியே வைத்து, இரண்டு தேதிகளையும் எழுத்தில் தந்து, உறுதியாகவில்லை என்று குறித்துப் பயணியிடம் கொடுப்பதே முறை. அவர் கையில் விமானச் சீட்டு இருக்கும். பல சமயம் விடுதியைவிட அவரே முதலில் விடை சொல்லிவிடுவார்.